18-இல் கைமாறும், 25-இல் முடியும்: பிள்ளைகள் பென்ஷன் பற்றித் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆலை, நெசவு, போக்குவரத்து, கட்டுமானத் தொழிற்சங்கங்களின் கிளை நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வேலையில் இருந்த தொழிலாளி இறந்துவிட்டால், பி.எஃப். பென்ஷனுக்கான 10-டி படிவம் பெரும்பாலும் உங்கள் சங்க அலுவலக மேசையில்தான் நிரப்பப்படுகிறது. அதனால்தான் இந்த மடலை பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம். இப்படிப்பட்ட விண்ணப்பங்களையே தொடர்ந்து பார்க்கும் எங்களுக்குத் தெரிந்தவரை, மனைவியின் பென்ஷனில் பெரிய சிக்கல் வருவதில்லை. சிக்கல் பிள்ளைகளின் பென்ஷனில்தான் வருகிறது. அதுவும் விண்ணப்பித்த அன்று தெரியாது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்போதோ, தாயும் இறந்துபோகும்போதோ தெரியவரும். அதற்குள் படிவம் நிரப்பியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

முதலில் திட்டம் என்ன தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995-இன் 16-வது பத்திதான் இதற்கு அடிப்படை. பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரே ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. "பத்து வருஷம் சர்வீஸ் இல்லையே" என்று குடும்பத்தைத் திருப்பி அனுப்புவது தவறு. அந்தப் பத்து வருஷக் கணக்கு உயிரோடு இருக்கும் உறுப்பினரின் மாதப் பென்ஷனுக்கானது. மனைவிக்குக் கிடைப்பதில் 25 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கிடைக்கும். 250 ரூபாய்க்குக் குறையாது. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான், மூத்தவரிலிருந்து வரிசையாக. தாய் இல்லை என்றாலோ, அவருக்குப் பென்ஷன் வரும் தகுதி போய்விட்டாலோ, பிள்ளைகள் பென்ஷன் அநாதைப் பென்ஷனாக மாறும். அப்போது விகிதம் 75 சதவீதம், குறைந்தபட்சம் 750 ரூபாய். இரண்டுமே பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை.

இந்த 25-ஐத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். "பையனுக்கு 18 ஆயிடுச்சு, இனி வராது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். 18-இல் பென்ஷன் நிற்காது. அதை வாங்கும் கை மட்டும்தான் மாறுகிறது. அதுவரை காப்பாளர் பிள்ளைக்காக வாங்கினார். அன்று முதல் பிள்ளையே தன் பெயரில், தன் கையெழுத்தில் வாங்க வேண்டும். கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்றோ, வேலைக்குப் போகவில்லை என்ற சான்றோ இந்தத் திட்டத்தில் நிபந்தனை இல்லை. அரசு ஊழியர் குடும்ப ஓய்வூதியத்தில் பிள்ளையின் சம்பாத்தியம் பார்க்கப்படும். அந்த விதியை இங்கே கொண்டுவந்து சேர்த்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். 18-இலிருந்து 25 வரை 84 மாதங்கள். குறைந்தபட்சத் தொகையான 250 ரூபாயிலேயே அது 21,000 ரூபாய்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை நூற்பாலைத் தொழிலாளி, 2019 ஆகஸ்டில் பணியில் இருக்கும்போது இறந்தார். மனைவிக்கு மாதம் 2,400 ரூபாய் என ஆணை வந்தது. மூத்த மகள் பிறந்தது 14.6.2004, மகன் 3.9.2008, இளைய மகள் 20.11.2012. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 600. ஆக வீட்டுக்கு மாதம் 3,600 வருகிறது. இளையவள் காத்திருப்பில் இருக்கிறாள். அக்காவுக்கு 2029 ஜூனில் 25 நிறையும்போது அவளுடைய முறை வரும். அப்போது அவளுக்கு 16 வயதுதான் ஆகியிருக்கும், இன்னும் மைனர். 2030 நவம்பரில் மேஜர் ஆவாள். 2037 நவம்பர் வரை பென்ஷன் உண்டு. தந்தை இறந்து 18 ஆண்டுகள் கழித்து முடிகிற ஒரு கணக்கை 2019-இல் ஒரு படிவத்தில் எழுதி வைக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

10-டி படிவத்தில் குடும்ப விவர அட்டவணை ஒன்று இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, உறவு, மைனர் என்றால் காப்பாளர் பெயர் என்று கட்டங்கள். இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, "இரண்டு பிள்ளைக்குத்தானே தருவாங்க" என்று மூன்றாவது பிள்ளையின் பெயரை எழுதாமல் விடுவது. அப்படி விட்டால், 2029-இல் இளையவள் தானும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அத்தனை பெயரும் எழுதப்பட வேண்டும். தத்தெடுத்த பிள்ளை என்றால் தத்துப் பத்திரத்தின் நகலும் கூடவே போகட்டும்.

இன்னொன்று பிறந்த தேதி. ஆதாரில் வருடம் மட்டும் தெரிந்து ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு தேதி. பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. கையில் கிடைத்ததைப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். இளைய மகளுக்கு 20.11.2012 என்பதற்குப் பதிலாக 1.1.2012 என்று போனால், 25 வயது பத்து மாதத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடும். அநாதைப் பென்ஷன் விகிதத்தில் அது 18,000 ரூபாய்க்கு மேல் இழப்பு. எனவே முதலில் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதன்படி ஆதாரைத் திருத்தி, பிறகு 10-டியை நிரப்புங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு அலுவலகங்களுக்கும் நடந்து தேய வேண்டியதுதான்.

அடுத்தது கணக்கு. எளிதாக இருக்கிறதே என்று மூவர் பணத்தையும் தாயின் ஒரே சேமிப்புக் கணக்குக்கு வரச் செய்கிற பழக்கம் இருக்கிறது. தாய் உயிரோடு இருக்கும்வரை அதில் தொல்லை தெரியாது. பின்னால் வருகிற எல்லாத் தொல்லைக்கும் அதுதான் விதை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு, தாய் காப்பாளர் என்ற முறையில் தொடங்குங்கள். 2025 ஜனவரியிலிருந்து மையப்படுத்தப்பட்ட பென்ஷன் பட்டுவாடா முறை எல்லா பி.எஃப். அலுவலகங்களிலும் வந்துவிட்டதால், இந்த வங்கியில்தான் கணக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையே போதும்.

யார் காப்பாளர் என்ற கேள்விக்கு வருவோம். இந்துக் குடும்பங்களில் தந்தைக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு நீதிமன்றச் சான்று எதுவும் வேண்டாம். தாத்தா, சித்தப்பா, தாய்மாமன் யாராக இருந்தாலும், பிள்ளையைப் பத்து வருஷம் வளர்த்தவராகவே இருந்தாலும், அவர் இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார். மாற்றாந்தகப்பனும் அப்படியே. இஸ்லாமியக் குடும்பங்களில் தனிச்சட்டப்படி மைனரின் சொத்துக்குத் தாய் இயற்கைக் காப்பாளர் அல்ல என்பதால், அங்கே இந்தக் கேள்வி தாய் இருக்கும்போதே எழும்.

இயற்கைக் காப்பாளர் இல்லாதபோது 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்தில் மனுப் போட்டுச் சான்று வாங்குவதுதான் வழக்கம். மாதம் 750 ரூபாய் வாங்குவதற்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுத்து மாதக்கணக்கில் நடக்கச் சொன்னால் எந்தக் குடும்பம் வரும்? பல பிள்ளைகளுக்கு அநாதைப் பென்ஷன் தொடங்காமலேயே போனதற்கு இதுவே காரணம். 2025 ஆகஸ்டில் பி.எஃப். தலைமை அலுவலகம் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு வழி காட்டியது. பணம் மைனர் பிள்ளையின் சொந்தக் கணக்குக்கே நேராகப் போகுமானால் காப்பாளர் சான்று கேட்க வேண்டியதில்லை. ஆகவே பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு என்பது வசதிக்காகச் சொல்வது அல்ல. நீதிமன்றப் படியேறாமல் இருப்பதற்கான வழியே அதுதான். 10 வயது நிறைந்த மைனர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கியும் 2025 ஏப்ரலில் விதிகளைச் சீராக்கியிருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பை அந்தந்த வங்கி வைக்கும். எந்தக் கிளையாவது சான்று கேட்டு மடக்கினால், சுற்றறிக்கையின் நகலைக் கையில் கொடுத்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் தாய்மார்களிடம் சொல்லி வையுங்கள். கணவனை இழந்த இந்துத் தாய், தனக்குப் பின் தன் மைனர் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்று உயில் எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. உடல்நலம் சரியில்லாத தாயிடம் இதைப் பேசுவது சங்கடம்தான். ஆனாலும் பேசிவிடுவது நல்லது.

இப்போது 18-வது பிறந்தநாள். சட்டப்படி அந்த நாள் தொடங்கும்போதே பிள்ளை மேஜர். முன்பு நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வரை மைனர் என்று இருந்தது. 1999-இல் அது மாற்றப்பட்டு எல்லோருக்கும் 18 ஆனது. பழைய கோப்புகளைப் பார்த்துப் பழகிய சிலர் இன்றும் 21 என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அன்றோடு காப்பாளரின் அதிகாரம் முடிகிறது. அதுவரை கணக்கில் சேர்ந்த பணமும் பிள்ளையுடையதே. தாய் மகன் பணத்தில் மகன் படிப்புக்குக் கட்டணம் கட்டியிருந்தால் அது முறையான செலவு. அவன் பெயரில் மிச்சம் இருப்பதை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளையின் பெயரிலேயே கணக்கு இருந்தால் வேலை சுலபம். வங்கிக்குப் பிள்ளை நேரில் போய், இருப்புத் தொகை சரி என்று ஒப்புக்கொண்டு, புதிய மாதிரிக் கையெழுத்தும் புகைப்படமும் கொடுத்து, ஆதார், பான் விவரங்களைப் பதிந்து, காப்பாளர் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் காப்பாளரின் கையெழுத்தில் பணம் எடுக்க வங்கி மறுக்கும். பென்ஷன் கணக்கில் வந்து விழுந்துகொண்டிருக்கும். ஏடிஎம் அட்டை மட்டும் வேலை செய்யாது. குடும்பம் "பென்ஷன் நின்னு போச்சு" என்று உங்களிடம் ஓடிவரும். பாஸ்புக்கில் வரவு பதியச் சொல்லிப் பாருங்கள். வரவு இருந்தால் கோளாறு வங்கிப் பக்கம், வரவே இல்லை என்றால் பி.எஃப். பக்கம். இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி அலைச்சல் மிச்சமாகும்.

பணம் தாயின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தால், பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கி, பி.எஃப். அலுவலகப் பென்ஷன் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பி.பி.ஓ. எண் என்பது பென்ஷன் ஆணையின் எண். நீட்டி முழக்க வேண்டாம், இவ்வளவு போதும்:

"என் தந்தை (பெயர்) அவர்களின் பென்ஷன் கணக்கில் எனக்கு அனுமதிக்கப்பட்ட பிள்ளைகள் பென்ஷன், பி.பி.ஓ. எண் (எண்), இதுவரை காப்பாளரான என் தாயின் கணக்கில் வரவு வைக்கப்பட்டு வந்தது. (தேதி) அன்று எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. இனி கீழ்க்கண்ட என் சொந்தக் கணக்கில் வரவு வைக்கவும். 25 வயது நிறையும் தேதி: (தேதி)."

இதனுடன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், பி.பி.ஓ. நகல் ஆகியவை. கடைசி வரியில் 25 நிறையும் தேதியை எழுதச் சொல்வது காரணத்தோடுதான்: 18 ஆனதால் முடித்துவிடலாம் என்று கோப்பைப் பார்ப்பவர் நினைக்க அது இடம் தராது. நகலில் முத்திரையோடு தேதி வாங்கி வையுங்கள். பதில் இல்லை என்றால் EPFiGMS தளத்தில் பி.பி.ஓ. எண்ணோடு புகார் பதியலாம்.

அடுத்துத் தடுக்கி விழும் இடம் உயிர்வாழ்வுச் சான்றிதழ். அது யாருடைய பென்ஷனோ அவருடைய சான்று. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தாய் தன் சான்றைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மேஜரான பிள்ளை ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறையில் கொடுக்கப் போனால் விரல்ரேகை பொருந்தாது, முகமும் பொருந்தாது. காரணம், ஆதாரில் இருப்பது சிறுவயது ரேகை. 5 வயதிலும் 15 வயதிலும் ரேகையைப் புதுப்பிப்பது கட்டாயம். 15-இல் செய்யாமல் விட்டதன் விளைவு 18-இல் வந்து நிற்கும். 10-ஆம் வகுப்பு படிக்கும்போதே ஆதார் மையத்துக்கு ஒருமுறை கூட்டிப் போய்விட்டால் தீர்ந்தது. சான்று தவறி நின்றுபோன பென்ஷன், சான்று சேர்ந்ததும் நிலுவையோடு வரும், பயப்பட வேண்டாம்.

மறுபடி நம் குடும்பத்துக்கு வருவோம். தாய் 2027-இல் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 2,400 நிற்கிறது. மூத்தவளும் மகனும் அப்போது மேஜர்கள். அவர்களுக்கு 600 ரூபாய் 1,800 ஆக வேண்டும். தாயின் இறப்புச் சான்றிதழோடு பிள்ளைகள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் விட்டால், ஆளுக்கு மாதம் 1,200 ரூபாய் குறைவாகவே வாங்கிக்கொண்டிருப்பார்கள். பென்ஷன் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இதைவிட மோசம், இறப்பைச் சொல்லாமல் தாயின் பணத்தை ஏடிஎம்மில் எடுப்பது. அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். 2,400-உம் இரண்டு 600-உம் சேர்ந்து 3,600. இரண்டு 1,800-உம் 3,600-தான். மறைப்பதால் பத்துப் பைசா லாபம் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

2029 ஜூனில் அக்காவின் பென்ஷன் முடிந்து இளையவளின் முறை வரும்போது, அவளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, வயது 16. மேஜரான அண்ணன் இருந்தாலும் அவன் இயற்கைக் காப்பாளர் அல்ல. அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால் 1,800 ரூபாய் நேரே அதற்கே வரும். பென்ஷன் வராத மூன்றாவது பிள்ளைக்கும் 2019-இலேயே கணக்கு தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

தாய் மறுமணம் செய்துகொண்டாலும் கணக்கு இதேதான். அவருடைய பென்ஷன் மறுமணத் தேதியோடு நிற்கும். பிள்ளைகளுடையது 75 சதவீதமாக உயரும். மறுமணத்தால் அவர் பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளர் என்ற நிலையை இழப்பதில்லை. அவரே அவர்களுக்காக வாங்கலாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் வீட்டு வரவு குறையாது. ஒரே பிள்ளை என்றால் 3,000 ரூபாய் 1,800 ஆகக் குறையும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊரில் பேசிக்கொள்வார்கள் என்று மறுமணத்தைச் சொல்லாமல் விடுவதற்குப் பின்னால், பிள்ளைகளின் பணமும் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கணக்கு வேறு. நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்த பிள்ளைக்கு வயதும் தடையில்லை, இரண்டு பேர் என்ற வரம்பும் இல்லை. வாழ்நாள் முழுதும் பென்ஷன். ஆனால் 18 ஆனதும் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் தாய் தானாகவே காப்பாளராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான காப்பாளர் நியமனம் பெறலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 17 முடியும்போதே விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருந்தால் பென்ஷன் இடையில் நிற்காது.

கடைசியாக, உங்கள் கைக்கு எட்டுகிற ஒரு காரியம். பி.எஃப். மத்திய அறங்காவலர் குழுவில் மத்தியத் தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மாற்றங்களை அங்கே எழுப்பச் சொல்லுங்கள். பிள்ளையின் பி.பி.ஓ.வில் 18 நிறையும் தேதியும் 25 நிறையும் தேதியும் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும். 18-க்கு ஆறு மாதம் முன்பே பிள்ளைக்கும் காப்பாளருக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும். தாயின் பென்ஷன் நின்ற அன்றே, பிள்ளைகளின் விகிதத்தை மாற்றும் வேலையை அலுவலகமே தொடங்க வேண்டும். பிறந்த தேதிகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

அது வரும்வரை, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இறந்த உறுப்பினர் பெயர், பி.பி.ஓ. எண், ஒவ்வொரு பிள்ளையின் 15, 18, 25 நிறையும் தேதிகள். ஜனவரி மாதம் ஒருமுறை அதைப் புரட்டி, அந்த ஆண்டில் தேதி வரும் குடும்பங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பென்ஷன் விண்ணப்பங்களில் குடும்பங்களுக்கு உதவி வரும் உங்கள் தோழர்கள்